பழைய கட்டடத்துக்கு உறுதிச் சான்று: கையெழுத்துப் போடுமுன் என்ன பார்க்க வேண்டும், அறிகுறி வாரியாக

மும்பையில் 30 வயது தாண்டிய கட்டடம் என்றால், மாநகராட்சிச் சட்டத்தின் 353பி பிரிவின்படி, பதிவு பெற்ற கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் அதைச் சோதித்து, மனிதர்கள் குடியிருக்கத் தகுந்தது என்று சான்று தர வேண்டும். அதன் பிறகு பத்து ஆண்டுக்கு ஒரு முறை இதே வேலை. செம்பூர், மாட்டுங்கா, சயான், முலுண்ட் பக்கம் நம்மவர்கள் அதிகம் இருக்கும் சொசைட்டிகளில் அறுபது எழுபதுகளில் எழும்பியவை நிறைய. கீழே தூண்கள் மட்டும் நிற்கும் வண்டி நிறுத்துமிடம், மேலே மூன்று நான்கு மாடி, மாடிக்கு நான்கு வீடு. இந்த மாதிரிக் கட்டடங்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். கல்லும் மரமும் வைத்துக் கட்டிய பழைய சாள் குடியிருப்புக்கு வேறு வழிமுறை வேண்டும்.

படிப்பவர் இளம் பொறியாளராக இருந்தால் இதைச் சோதனை வரிசையாக வைத்துக்கொள்ளலாம். சொசைட்டிக் கமிட்டியில் இருப்பவராக இருந்தால், வருகிற பொறியாளர் இதையெல்லாம் பார்க்கிறாரா என்று கவனிக்கலாம். ஒவ்வொரு அறிகுறியிலும் செலவில்லாத காரணத்திலிருந்து தொடங்கி, செலவு பிடிக்கும் காரணத்துக்குப் போயிருக்கிறேன்.

## அறிகுறி 1: தூணின் மூலையில் மேலிருந்து கீழாக ஓடும் விரிசல்

சான்றிதழில் எதைவிடவும் முக்கியமானது இதுதான். ஸ்லாபில் ஒரு மூலை விழுந்தால் ஒரு அறை போகும். தரைத்தளத் தூண் ஒன்று நசுங்கினால் அதன் மேலுள்ள எல்லா மாடியும் வரும்.

பூச்சு மட்டும்தானா? நூறு கிராம் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். விரிசலின் இருபுறமும் பொள்ளலாகச் சத்தம் வந்தால் பூச்சு விலகி நிற்கிறது. ஓர் உள்ளங்கை அளவுக்கு அதைக் கொத்தி எடுங்கள். உள்ளே கான்கிரீட் முகம் முழுசாக, விரிசல் இல்லாமல், துருக்கறை இல்லாமல் இருந்தால் அந்த இடத்தில் பிரச்சினை முடிந்தது. புதுப் பூச்சு போதும்.

விரிசல் கான்கிரீட்டுக்குள்ளும் போகிறதா? மூலைக் கம்பியின் நேர்கோட்டில் விரிசல் ஓடினால் பெரும்பாலும் துருதான். துருப்பிடித்த கம்பி தன் பழைய அளவைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த அழுத்தத்தில்தான் கம்பியை மூடியிருக்கும் கவர் கான்கிரீட் பிளக்கிறது. இந்தக் கட்டத்தில் வெளியிலிருந்து பார்த்து எதையும் எழுத முடியாது, திறந்துதான் ஆக வேண்டும்.

எங்கே திறப்பது? கண்ணுக்கு வசதியான நெஞ்சு உயரத்தில் வேண்டாம், அடியில் திறங்கள். மழை தெறிப்பதும், தரை ஈரம் ஏறுவதும், மோட்டார் அறைத் தண்ணீர் வழிவதும் அடியில்தான். மும்பையில் இன்னொரு விஷயம் உண்டு. மழைவெள்ளம் உள்ளே வருகிறது என்று சொசைட்டிகள் தரையை உயர்த்திக்கொண்டே போகின்றன. பழைய தரைமேல் மண், அதன்மேல் பேவர் கல், பத்து வருஷம் கழித்து மறுபடியும் ஒரு அடுக்கு. அதனால் தூணின் உண்மையான அடிப்பாகம் இன்று ஓர் அடி மண்ணுக்குள் ஈரத்திலேயே ஊறிக்கொண்டிருக்கலாம். பேவர் கல்லை எடுத்து, தூணின் ஒரு பக்கம் மட்டும் சின்னக் குழி தோண்டிப் பாருங்கள். மேலே அழகாக இருக்கும் தூண் அங்கே வேறு கதை சொல்லும்.

திறக்கும்போது ஒரே நேரத்தில் ஒரு முகம் மட்டும், ஓர் அடி உயரத்துக்கு மேல் போகாமல் கொத்துங்கள். நான்கு பக்கமும் கொத்தவிட்டால் சோதனையே விபத்தாகிவிடும். ஏற்கெனவே கம்பி வெளியே பிதுங்கி நிற்கும் தூணாக இருந்தால், முட்டு கொடுத்த பிறகுதான் சுத்தியலையே எடுக்க வேண்டும்.

திறந்த பிறகு பார்க்க வேண்டியது மூன்று. முதலில் ரிங். முதன்மைக் கம்பிகளைச் சுற்றிக் கட்டியிருக்கும் மெல்லிய கம்பி 6 மி.மீ. தான் இருக்கும், அதனால் துரு முதலில் தின்பது அதைத்தான். கையால் தொட்டாலே ரிங் பொடியாக உதிரும் தூண்களைப் பார்த்திருக்கிறேன். ரிங் போனால் முதன்மைக் கம்பியைப் பிடித்து நிறுத்த ஆள் இல்லை, சுமை வரும்போது அது வெளிப்பக்கம் வளைந்துவிடும். அடுத்து முதன்மைக் கம்பி. இரும்புத் தூரிகையால் தேய்த்து, பளபளப்பான உலோகம் தெரிந்த பிறகு காலிப்பரால் அளவெடுங்கள். துருவோடு சேர்த்து அளந்தால் 16 மி.மீ. கம்பி 18 காட்டும், எல்லாம் நன்றாக இருப்பதாகத் தோன்றும். மூன்றாவதாக, உள்ளே இருக்கும் கான்கிரீட். ஸ்க்ரூ டிரைவரால் கீறினால் மணல் உதிர்கிறதா, ஜல்லி கையோடு வருகிறதா என்று பாருங்கள்.

ஒரு கணக்கு. செம்பூரில் எழுபதுகளின் கடைசியில் கட்டிய ஒரு கட்டடம். தரையில் தூண்கள், மேலே நான்கு மாடி. நிலத்தடித் தொட்டி நிரம்பி வழியும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு தூண், மூலையில் ஒரு மீட்டர் உயர விரிசல். செகரட்டரி சொன்னார்: "போன வருஷம்தான் சார் பூசினோம், அது சும்மா முடி மாதிரி விரிசல். நீங்க கையெழுத்துப் போட்டுடுங்க, வார்டு ஆபீஸ்ல கேக்கறாங்க." பூச்சைக் கொத்தினோம். அதன் பின்னால் துருக்கம்பியைச் சுத்தம் செய்யாமல் அப்படியே மேலே அடைத்த சிமெண்ட் கலவை இருந்தது. அது முழுசாகக் கையோடு வந்துவிட்டது.

தூண் 230க்கு 450 மி.மீ. ஆறு கம்பி, ஒவ்வொன்றும் 16 மி.மீ. சாதாரண உருட்டுக் கம்பி. அந்தக் காலத்து எம்15 தரக் கான்கிரீட் என்று வைத்துக்கொண்டால், கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 தரும் சூத்திரப்படி இந்தத் தூணின் வடிவமைப்புத் திறன் சுமார் 82 டன். அதன்மேல் நாளாந்தம் இறங்கும் சுமை சுமார் 50 டன். ஒன்றரை மடங்குப் பாதுகாப்போடு பார்த்தால் 75 டன் தேவை. அதாவது கட்டியபோது கணக்கு சரியாகவே இருந்தது.

இப்போது ஒரு நீளப் பக்கத்தில் 40 மி.மீ. ஆழத்துக்கு கான்கிரீட் உதவாது. அந்தப் பக்கத்து மூன்று கம்பியும் தேய்ந்து 13 மி.மீ. ஆகியிருந்தன. விட்டத்தில் மூன்று மி.மீ. தானே என்று தோன்றும், ஆனால் குறுக்குப் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. கான்கிரீட்டில் துளையிட்டு எடுத்த உருளை மாதிரிகள் எம்12 அளவுக்குத்தான் வலிமை காட்டின. இதையெல்லாம் போட்டால் திறன் 58 டன். ரிங்கும் போய்விட்டதால் கம்பிகளை நம்ப முடியாது, கம்பியைக் கழித்தால் 41 டன். தேவை 75.

அப்படியானால் ஏன் இன்னும் நிற்கிறது? சூத்திரத்துக்குள்ளேயே கான்கிரீட்டுக்கும் கம்பிக்கும் பாதுகாப்பு ஒதுக்கீடு இருக்கிறது. கட்டடம் இத்தனை வருஷமும் அந்த ஒதுக்கீட்டைத்தான் சாப்பிட்டுக்கொண்டு நின்றது. "இத்தனை மழைக்காலம் தாங்கிடுச்சே சார்" என்பது தூணுக்குச் சாதகமான சாட்சி இல்லை. இன்னும் ஒன்று: சேதம் ஒரே பக்கம் என்றால் சுமை தூணின் நடுவில் இறங்காது, ஒரு பக்கமாகத் தள்ளும். மேலே போட்ட கணக்கில் அது சேரவில்லை. சேர்த்தால் இன்னும் மோசமாகும்.

நிறுத்த வேண்டிய இடம். ரிங் அறுந்திருந்தால், அல்லது முதன்மைக் கம்பியின் பரப்பு கண்ணுக்குத் தெரிகிற அளவு குறைந்திருந்தால், அன்றைக்குச் சான்றிதழ் பேச்சே இல்லை. அன்றே எழுத்தில் முட்டு கொடுக்கச் சொல்லுங்கள். தரைத்தளத்தில் மட்டும் முட்டு வைத்தால் மேல்மாடிகளின் சுமை பழைய தூண் வழியாகத்தான் இறங்கும். எல்லா மாடியிலும் தூணைச் சுற்றி பீமுக்கு அடியில், ஒன்றன்மேல் ஒன்று நேராக வரும்படி, அடியில் கனமான பலகை போட்டு நிறுத்த வேண்டும். தூணைச் சுற்றிப் புதுக் கம்பியும் கான்கிரீட்டும் போடும் ஜாக்கெட்டிங் வடிவமைப்பு அதற்குப் பிறகு. அதில் பழக்கம் இல்லை என்றால், பழுதுபார்ப்பில் ஊறிய மூத்த பொறியாளர் ஒருவரைக் கூப்பிடுவதில் எந்தக் குறைவும் இல்லை.

## அறிகுறி 2: கூரையில் காரை விழுந்து கம்பி தெரிகிறது

பெரும்பாலும் கழிவறை, குளியலறைக்குக் கீழே இருக்கும் வீட்டில்தான் இந்தப் புகார் வரும்.

முதலில் மேல்வீட்டுக்குப் போங்கள். தரையில் தண்ணீர் இறங்கும் நஹானி டிராப் இணைப்பில் கசிவா, தரை டைல்ஸ் இடுக்கு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் காலத்தில் குளியலறை ஸ்லாபைத் தாழ்த்தி, அதற்குள் உடைந்த செங்கல் போட்டு நிரப்புவார்கள். கசிவு வந்தால் அந்தச் செங்கல் முழுக்கத் தண்ணீர் குடித்து வருஷக்கணக்கில் வைத்திருக்கும். மேலே குழாயைச் சரிசெய்த பிறகும் கீழே பல வாரம் சொட்டும். ஆகவே சொட்டு நிற்கவில்லை என்பதை வைத்துக் கசிவு தொடர்கிறது என்று முடிவு கட்ட வேண்டாம். குழாயை மூடிவிட்டுக் காத்திருந்து பாருங்கள்.

கம்பியைத் தேய்த்து அளந்து, தேய்மானம் குறைவாக, ஓர் அறை அளவில் மட்டும் இருந்தால், அது பழுதுபார்த்துச் சரிசெய்யக்கூடியதுதான். கசிவே இல்லாத ஹால், படுக்கையறைக் கூரைகளிலும் இதே மாதிரி காரை பெயர்ந்தால் விஷயம் வேறு. கான்கிரீட் காற்றிலிருக்கும் கரியமில வாயுவை வாங்கி, கம்பியைத் துருவிலிருந்து காக்கும் காரத்தன்மையைக் கட்டடம் முழுக்க இழந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

அதைப் பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். புதிதாக உடைத்த கான்கிரீட் முகத்தில் தூசியை ஊதிவிட்டு, பினாப்தலீன் கரைசலைத் தெளியுங்கள். ரோஸ் நிறம் வந்த இடத்தில் காரம் இருக்கிறது. நிறம் வராத பட்டையின் ஆழத்தை அளங்கள். கவர் 20 மி.மீ., நிறம் வராத ஆழம் 35 மி.மீ. என்றால் கம்பியைச் சுற்றிப் பாதுகாப்பு இல்லை, இன்று துரு இல்லாவிட்டாலும் ஈரம் பட்ட மறுகணம் தொடங்கும். பழைய முகத்தில் தெளித்துவிட்டு நிறம் வரவில்லை என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள், அது சோதனையே இல்லை. தண்ணீர் ஊற்றிக் கழுவிய முகத்திலும் தெளிக்கக்கூடாது.

கடற்கரையை ஒட்டிய கட்டடங்களில் இன்னொரு வகைத் துரு உண்டு. உப்பு கம்பி வரைக்கும் போய்விட்டால் அது கம்பியை ஓரிடத்தில் மட்டும் குழியாகத் தோண்டும். சாதாரணத் துரு செந்நிறமாக அடுக்கடுக்காக வீங்கிக் கவரைத் தள்ளிவிடும், அதனால் நமக்குத் தெரிந்துவிடும். குழித்துரு கருப்பாக, வீங்காமல், விரிசல் காட்டாமல் வேலை செய்யும். வொர்லி, மாஹிம், பாந்த்ரா பக்கம் என்றால் கான்கிரீட் தூளை எடுத்து ஆய்வுக்கூடத்தில் குளோரைடு அளவைப் பார்க்காமல் விடாதீர்கள். ஐ.எஸ். 456 ஒரு கனமீட்டருக்கு 0.6 கிலோவை வரம்பாக வைத்திருக்கிறது.

பால்கனி, ஜன்னலுக்கு மேல் நீளும் சஜ்ஜா என்றால் மேலே பாருங்கள். இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் பிடிப்பு உள்ள ஸ்லாபில் சுமை தாங்கும் கம்பி மேல்பக்கத்தில் இருக்கும். கீழே நின்று அண்ணாந்து பார்த்தால் துளி விரிசல் தெரியாது. சுவரோடு சேரும் கோட்டில், மேல்பக்கத்தில், டைல்ஸுக்கு அடியில்தான் ஆபத்து. அங்கே டைல்ஸ் நீளவாக்கில் பிளந்திருந்தால், பால்கனியின் வெளிநுனி சுவரை விட்டுத் தாழ்ந்திருந்தால், டைல்ஸை எடுத்துப் பார்த்தே ஆக வேண்டும். பால்கனியைச் சுவர் வைத்து அறையாக்கியிருக்கிறார்களா, பூந்தொட்டி வரிசை, தண்ணீர் டிரம், ஏசி வெளிப்பெட்டி இருக்கிறதா என்றும் குறித்துக்கொள்ளுங்கள். நுனியில் கட்டிய அரைச் செங்கல் சுவரே பால்கனிக்குப் பெரிய பாரம். மேல்பக்கக் கம்பி அறுந்திருந்தால், பால்கனிக்கு முட்டு வைத்து, அங்கே யாரும் நிற்கக்கூடாது என்று கயிறு கட்டிவிட்டுத்தான் அடுத்த வேலை.

## அறிகுறி 3: பீமின் முனையில் சாய்வான விரிசல்

பீமுக்கும் அதன் அடியில் உள்ள சுவருக்கும் நடுவே படுக்கைவாக்கில் ஓடும் கோடு பெரும்பாலும் தீங்கில்லாதது. செங்கலும் கான்கிரீட்டும் வெயிலில் ஒரே அளவு விரிவதில்லை, அதனால் அந்த இடம் பிளக்கும்.

பீமின் அடியில் நடுப்பகுதியில் செங்குத்தாக முடிபோன்ற கோடுகள் இருந்தால் அகலத்தைப் பாருங்கள். 0.3 மி.மீ. வரை கட்டட வேலையில் எதிர்பார்க்கக்கூடியது. அதைவிட அகலமாக இருந்தால் மேலே கூடுதல் சுமை ஏதாவது வந்திருக்கிறதா என்று தேடுங்கள்.

தூணுக்குப் பக்கத்தில், பீமின் பக்கவாட்டில், 45 பாகைச் சாய்வில் விரிசல் இருந்தால் உஷாராகுங்கள். இந்த வகை முறிவு முன்னறிவிப்பில்லாமல் வரக்கூடியது. எளிய காரணம், சமையலறையைப் புதுப்பித்தவர்கள் குழாய்க்காகப் பீமில் ஓட்டை போட்டிருப்பார்கள். அடுத்தது, மேலே புதுச் சுவர் வந்திருக்கும், அல்லது மொட்டைமாடியில் பழைய தொட்டிக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் தொட்டிகள் முளைத்திருக்கும். ஐயாயிரம் லிட்டர் என்றால் ஐந்து டன், தொட்டியின் நிழல் எந்த பீமில் விழுகிறது என்று மாடிக்கு மாடி பின்தொடர்ந்து பாருங்கள். மூன்றாவது காரணம் பீமின் ரிங் துருப்பிடித்து அறுந்திருப்பது. மூன்றிலும் முதல் வேலை ஒன்றுதான்: தொட்டியைக் காலி செய்யுங்கள், முட்டு கொடுங்கள்.

விரிசல் நகர்கிறதா என்பது சந்தேகமாக இருந்தால் அதன் குறுக்கே சின்னக் கண்ணாடித் துண்டை ஒட்டி, தேதி எழுதி வையுங்கள். கண்ணாடி உடைந்தால் விரிசல் உயிரோடு இருக்கிறது. ஆனால் சாய்வு விரிசலுக்குக் கண்ணாடி ஒட்டிவிட்டு மழைக்காலம் முடியட்டும் என்று காத்திருப்பது தவறு, முட்டு கொடுத்த பிறகு வேண்டுமானால் கவனிக்கலாம்.

## அறிகுறி 4: கதவு சிக்குகிறது, தரை ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது

மழைக்காலத்தில் மரக்கதவு ஊறுவது சகஜம். ஒரே வரிசையில், எல்லா மாடியிலும், ஒரே பக்கம் சிக்கினால் அடித்தளம் இறங்குகிறது. குழாய் உடைந்து மண் அரித்திருக்கலாம். இல்லையென்றால் பக்கத்து மனையைப் பாருங்கள். மறுகட்டுமானத்துக்காக இரண்டு மூன்று அடுக்குப் பாதாளத் தோண்டல் நடந்தால், நம் அடித்தளத்துக்கு அடியிலுள்ள மண்ணும் நீரும் அந்தப் பக்கம் நகரும். கட்டடத்தின் நான்கு மூலையிலும் மட்டம் குறித்து, வாரம் ஒரு முறை அளங்கள். இறக்கம் தொடர்ந்தால் மண்ணியல் பொறியாளர் வேண்டும், அவர் அறிக்கை வராமல் இங்கே எதையும் எழுத முடியாது.

## அறிகுறி 5: எந்த அறிகுறியும் இல்லை, கட்டடம் பளிச்சென்று இருக்கிறது

இதில் நிதானம் அதிகம் தேவை. சான்றிதழ் வேலை வருவதற்குச் சற்று முன்னால் முழுக்கப் பூசி, வண்ணம் அடித்திருந்தால், விரிசல் என்ற சாட்சியே அழிந்துபோயிருக்கும். பழைய பழுது வேலையின் பில்லைக் கேளுங்கள். எத்தனை சதுர அடி காரை கொத்தினார்கள், எந்தத் தூண்களில், கம்பி மாற்றினார்களா, வெறும் பூச்சா என்பதெல்லாம் பில்லில் தெரியும். பில் இல்லையென்றால் தரைத்தளத் தூண்களில் நீங்களே தேர்ந்தெடுத்துத் திறக்க வேண்டும். கமிட்டி காட்டும் தூணை அல்ல. ஈரம் அதிகம் படும் இடத்தில் ஒன்று, சுமை அதிகம் இறங்கும் நடுத்தூண் ஒன்று, மாடிப்படிப் பக்கம் ஒன்று என்று எடுங்கள்.

தரைத்தளத்தில் கடை, கிளினிக், அலுவலகம் இருந்தால் உள்ளே போகாமல் வரவே கூடாது. தூணைச் சுற்றி மரப்பலகை, கிரானைட், கண்ணாடி என்று அலங்காரம் செய்திருப்பார்கள், அதைக் கழற்றச் சொல்லுங்கள். 2017 ஜூலையில் காட்கோபரில் நான்கு மாடிக் குடியிருப்பு ஒன்று சரிந்து 17 பேர் இறந்தார்கள். தரைத்தளத்தில் நடந்த மாற்று வேலையில் தூண்களில் கை வைத்தார்கள் என்பதே அங்கே எழுந்த குற்றச்சாட்டு.

தரைத்தளத்துத் தூண்களை எண்ணி, முதல் மாடித் தூண்களோடு ஒப்பிடுங்கள். மேலே இருக்கும் தூணுக்கு நேர் கீழே தூண் இல்லை என்றால், அது வடிவமைப்பிலேயே அப்படியா, யாராவது எடுத்தார்களா என்று ஒப்புதல் வரைபடத்தில் பார்க்க வேண்டும். வரைபடம் கிடைக்கவில்லை என்றால் அளந்து நாமே வரைய வேண்டும். நேரம் பிடிக்கும் வேலைதான், ஆனால் அது இல்லாமல் சுமை எந்த வழியாக இறங்குகிறது என்று சொல்லவே முடியாது.

## அறிகுறி 6: சோதனை எண்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை

அடிக்கடி வரும் சிக்கல் இது: கான்கிரீட் முகத்தில் தட்டி எகிறலை அளக்கும் ரீபவுண்ட் சுத்தியல் நல்ல வலிமை காட்டுகிறது, கான்கிரீட்டுக்குள் ஒலியலை அனுப்பி வேகத்தை அளக்கும் சோதனை மோசம் என்கிறது.

கட்டடத்தைச் சந்தேகிக்குமுன் சோதனை நடந்த விதத்தைக் கேளுங்கள். பூச்சின் மேலேயே வைத்து எடுத்தார்களா? ஒலியலையைத் தூணின் எதிரெதிர் முகங்களில் வைத்து நேராக அனுப்பினார்களா, ஒரே முகத்தில் வைத்து எடுத்தார்களா? நேர்ப்பாதைதான் நம்பகமானது.

சோதனை சரிதான் என்றால், காரம் இழந்த பழைய கான்கிரீட்டின் மேல்தோல் இறுகியிருக்கும். சுத்தியல் அந்தத் தோலைத்தான் தட்டுகிறது. வலிமையைப் பாதிக்குப் பாதி அதிகமாகக் காட்டும் வாய்ப்பு உண்டு என்று இந்தியத் தரநிலையே சொல்கிறது. ஆகவே 50 வயதுக் கட்டடத்தில் சுத்தியல் எண்ணை மட்டும் வைத்து எம்20 என்று எழுதினால் அது பொய்க் கணக்கு. ஒலியலை வேகம் நொடிக்கு 3.5 கி.மீ.க்குக் கீழே போனால் உள்ளே வெற்றிடமோ விரிசலோ இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தீர்ப்பு சொல்வது உருளை மாதிரிதான். மூன்றுக்குக் குறையக்கூடாது. சராசரி, எதிர்பார்த்த வலிமையில் 85 சதவீதமும், எந்த ஒன்றும் 75 சதவீதமும் தொட வேண்டும். கம்பி இருக்கும் இடத்தைக் கருவியால் முதலில் குறித்து, அதைத் தவிர்த்துத் துளையிட வேண்டும். ஒல்லியான தூணில் துளையிடுவதே அதைப் பலவீனமாக்கும் என்பதால், முட்டு இல்லாமல் அனுமதிக்காதீர்கள். துளையை அன்றே சுருங்காத கலவையால் அடைத்துவிட வேண்டும்.

ஸ்லாப் ஒன்றின் மேல் மட்டும் சந்தேகம் தீரவில்லை என்றால் சுமைச் சோதனை இருக்கிறது. வீட்டுத் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு 200 கிலோ உபயோகச் சுமை என்றால், அதன் ஒன்றேகால் மடங்கு, அதாவது 250 கிலோ, மணல்மூட்டையாக வைத்து 24 மணி நேரம் விட வேண்டும். நான்கு மீட்டர் இடைவெளி, 120 மி.மீ. கனமுள்ள ஸ்லாப் 5.3 மி.மீ.க்குள் தாழ்ந்தால் தேர்வு. அதைத் தாண்டினால், சுமையை எடுத்த 24 மணி நேரத்துக்குள் தாழ்ந்ததில் முக்கால்வாசியாவது திரும்ப வேண்டும். அடியில் விரலளவு இடைவெளி விட்டு முட்டு நிற்க வேண்டும், ஸ்லாப் போனாலும் ஆள் போகக்கூடாது. சந்தேகத்துக்குரிய தூண் தாங்கும் ஸ்லாபிலும், பால்கனியிலும் இந்தச் சோதனை வேண்டாம்.

## கையெழுத்துப் போடும் காகிதம்

மாநகராட்சியின் வகைப்பாடு நான்கு. சி1 என்றால் காலிசெய்து இடிக்க வேண்டும். சி2ஏ என்றால் காலிசெய்து பெரிய பழுது, சில இடங்களில் பகுதி இடிப்பு. சி2பி என்றால் ஆட்கள் இருக்கும்போதே கட்டமைப்புப் பழுது. சி3 என்றால் சின்னப் பழுது. மேலே சொன்ன செம்பூர்த் தூண் ஒன்றோடு நின்றிருந்தால், முட்டு கொடுத்து சி2பி எழுதலாம். அங்கே மற்ற தூண்களைத் திறந்தபோது தண்ணீர்த் தொட்டிப் பக்கத்து வரிசை முழுக்க அதே நிலை. அந்தப் பக்கத்து வீடுகளைக் காலிசெய்யச் சொல்லி சி2ஏ என்றுதான் எழுத வேண்டியிருந்தது. சொசைட்டி வேறொரு பொறியாளரிடம் போய் மாறுபட்ட அறிக்கை வாங்கினால் கோபப்பட ஒன்றுமில்லை. சி1 விஷயத்தில் இரண்டு அறிக்கைகள் முரண்பட்டால் அதைப் பார்க்க மாநகராட்சியில் தொழில்நுட்ப ஆலோசனைக் குழு இருக்கிறது. அங்கே பேசப்போவது உங்கள் படங்களும் எண்களும்தான்.

எனவே ஒவ்வொரு தூணுக்கும் ஓர் எண் கொடுத்து வரைபடத்தில் குறியுங்கள். படம் எடுக்கும்போது அந்த எண்ணைச் சாக்பீஸால் தூணிலேயே எழுதி, அளவுகோலைப் பக்கத்தில் வைத்து எடுங்கள். பூட்டியிருந்ததால் பார்க்க முடியாத வீடுகளை எண்ணோடு பட்டியல் போட்டு, அந்த வீடுகளுக்கு இந்தச் சான்று பொருந்தாது என்று முதல் பக்கத்திலேயே எழுதுங்கள். பூட்டிய வீடு கழிவறைக் கசிவு வரிசையில் இருந்தால், சாவி வரும் வரை சான்றை நிறுத்தி வையுங்கள். பழுது செய்தால்தான் தகுதி என்ற நிலையில் "தகுதியானது, பழுது பரிந்துரைக்கப்படுகிறது" என்று மழுப்பலாக எழுதுவது வேண்டாம். பழுது முடிந்து, தூண்களை மறுபடி பார்த்த பிறகு தேதியோடு இரண்டாவது காகிதம் தருவதுதான் முறை. அதுவரை சொசைட்டியிடம் இருக்க வேண்டியது ஆய்வறிக்கையும், முட்டு எங்கெங்கே நிற்கிறது, எப்போது வரை எடுக்கக்கூடாது என்று காட்டும் வரைபடமும் மட்டும்தான்.